விரதமும் விடுதலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே புகையிலை அந்நியப் பொருளன்று. ஒல்லாந்தர் காலத்திலேயே இங்கு விளைந்த இலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. செம்மண் தோட்டங்களிற் கிணற்று நீரிறைத்து வளர்த்த இலையைப் புகையூட்டிப் பதப்படுத்திச் சுருட்டாகச் சுற்றித் தென்னிலங்கைக் கிராமங்கள் வரை கொண்டுசென்று விற்றவர்களும் யாழ்ப்பாணத்தவர்களே. அவர்கள் அங்கே நடத்திய கடைகளுக்குச் சுருட்டுக்கடை என்றே பெயர் வழங்கியது. ஆகவே, விருந்தாளியின் முன் வெற்றிலைத் தட்டத்தை வைக்கும்போது அதிலே நாலு சுருட்டையும் சேர்த்து வைத்த வழக்கம், தன் வளவிலே காய்த்த மாம்பழத்தை அயலவனுக்குக் கொடுப்பது போன்ற ஒரு மரியாதையாகவே தோன்றியிருக்கிறது. பின்னாளிற் சுருட்டின் இடத்தைச் சிகரெட் பிடித்துக்கொண்டது. தட்டமும் பல வீடுகளில் மறைந்துவிட்டது. நீட்டுகிற கை மட்டும் மறையவில்லை.

இந்த நீட்டுகிற கையின் முன் புகைத்தலை விட்டவன் என்ன செய்வான் என்பதே இன்றைய பேச்சின் பொருள். வீட்டிலே புகைக்காமல் இருந்து, கந்தோரிலே புகைக்காமல் இருந்து, இரண்டு மாதங்களை ஒழுங்காகக் கழித்த ஒருவர், கலியாண வீடொன்றிலே ஒரே இரவில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார். கேட்டால், "எல்லாரும் பிடிச்சினம், நானும் பிடிச்சிட்டன்" என்பார். அது உண்மைதான். ஆனால் அது முழு உண்மையன்று.

கொண்டாட்டத்திலே புகை எப்போது வருகிறது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். தாலி கட்டும் வேளையில் ஒருவரும் சிகரெட் நீட்டுவதில்லை. பந்தியில் இலை போட்டுச் சோறு பரிமாறும்போதும் நீட்டுவதில்லை. சாப்பிட்டுக் கைகழுவிய பின்னர், தேர் இருப்புக்கு வந்து சேர்ந்த பின்னர், விரதத்துக்குப் பாரணை பண்ணிய பின்னர், அதாவது ஒரு காரியம் முடிந்து மனம் தளரும் கணத்திலேதான் அது வருகிறது. விட்டவர் பலர் நாள் முழுவதும் காவல் இருந்துவிட்டு, காரியம் முடிந்தது என்று காவலை எடுக்கும் அந்தக் கணத்திலே அகப்படுகிறார்கள். இதற்கு ஒரு காரணம் நம்முடைய விரதப் பழக்கத்திலேயே இருக்கிறது. விரதத்துக்கு ஒரு முடிவு உண்டு; முடிந்தவுடன் விலக்கிய பொருள் திரும்பவும் வரலாம். விரதம் ஒரு கவளத்தால் முறியும். முறிந்தால் அன்றைய விரதம் இல்லை. இந்த இரண்டு விதிகளையும் நம்மவர் அறியாமலே புகைத்தலை விடுவதற்கும் பொருத்திவிடுகிறார்கள். இரண்டுமே அங்கே பொருந்தாதவை. எப்படிப் பொருந்தா என்பதை ஒருவருடைய ஆண்டு நடப்பைக் கற்பனையாக எடுத்துப் பார்க்கலாம்.

கோப்பாயிலே இருக்கும் ஒருவர். நாற்பது வயதைக் கடந்தவர். யாழ்ப்பாணப் பட்டினத்துக் கந்தோரொன்றிலே எழுதுவினைஞர். நாளுக்குப் பத்துச் சிகரெட் பிடிப்பவர். அவற்றைப் பெட்டியாக வாங்காமல் கடையில் ஒவ்வொன்றாக வாங்கிப் பிடிப்பவர். இவர் புகைத்தலை விடுவதற்கு நாட் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாள் நல்லது?

தைப்பொங்கலிலோ சித்திரை வருடப்பிறப்பிலோ தொடங்குவது பலருக்கு விருப்பம். ஆனால் அந்த நாட்களிலேதான் வீடு நிறைய உறவினர். அடுத்தடுத்து நல்ல முகூர்த்தங்களும் வரும். ஆடிப்பிறப்பு அதைவிடச் சிறந்த நாள். ஆடி மாதத்திற் சைவர் வீடுகளிற் கலியாணம் இல்லை. ஆடி முதலாந் திகதி கூழும் கொழுக்கட்டையும் உண்டு; அதற்குமேற் பெரிய கூட்டம் இல்லை. இந்த நாட் கணக்கு உடலின் கணக்குக்கும் வாய்ப்பாக அமைந்திருக்கிறது. புகையின் வழியாக வந்த நிக்கோட்டின் என்னும் பொருள் இரத்தத்தில் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். அது குறையக் குறைய எரிச்சல், அமைதியின்மை, மனம் ஒன்றிலும் நில்லாமை, உறக்கக் குறைவு, அதிகப் பசி என்பன தலைகாட்டும். இவை முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்கு ஏறி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆடி முதலாந் திகதி விட்டவருக்கு ஆவணி பிறக்கும்போது உடலின் கலகம் ஓய்ந்திருக்கும். ஆவணியிலே முகூர்த்தங்கள் தொடங்கும்போது எஞ்சியிருப்பது பழக்கத்தின் இழுப்பு மட்டுமே. இரண்டு பகைவரையும் ஒரே நாளிற் சந்திக்க வேண்டியதில்லை.

நம்முடைய எழுதுவினைஞர் ஆடிப்பிறப்பன்று விட்டார். அந்த ஆண்டு ஆடி அமாவாசை பத்தாந் திகதி வந்தது என்போம். தந்தையை இழந்தவர், அமாவாசை விரதம் பிடிப்பவர். விடியற்காலையில் எழுந்து கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் முடித்து, வீடு திரும்பி மத்தியானத்துக்குப் பின்னரே உண்பார். அதுவரை வெறும் வயிறு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, அறிந்தவர் சிலரே.

புகைப்பவர் விரத நாளிற் பசியை மறக்க இரண்டு காரியஞ் செய்வார். ஒன்று, வழக்கத்துக்கு மேலாகப் புகைப்பார். "புகை சாப்பாடில்லைத்தானே" என்பது அவர் நியாயம். நிக்கோட்டின் பசியை அடக்குவது மெய்யாதலால் அந்தத் தந்திரம் அவருக்குப் பலித்தும் வந்திருக்கிறது. மற்றது, பால் விடாத தேநீரைத் திரும்பத் திரும்பக் குடிப்பார். இப்போது முதலாவது இல்லை. எனவே இரண்டாவதைக் கூட்டுகிறார். அங்கேதான் தவறு. தேயிலையில் உள்ள கஃபீன் என்னும் பொருளை ஈரல் சிதைத்து வெளியேற்றுகிறது. புகையில் உள்ள தார்ப்பொருள்கள் ஈரலின் அந்த வேலையை விரைவுபடுத்துவன. புகைத்தலை விட்ட சில நாட்களில் அந்த வேகம் குறைந்துவிடும். முன்போல் அதே அளவு தேநீர் குடித்தாலும் இரத்தத்திலே கஃபீன் ஏறக்குறைய இருமடங்காகத் தங்கும். கீரிமலைத் தேநீர்க்கடையில் வெறும் வயிற்றில் மூன்றாவது பிளேன்ரீயைக் குடித்தவருக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, ஒன்றிலும் பொறுமையில்லை. அவர் அதைத் தேநீரின் செயல் என்று எண்ணமாட்டார். "சிகரெட் இல்லாமல் என்னால் இருக்க ஏலாது" என்று முடிவு செய்வார். பக்கத்திலே நிற்கும் ஒருவர் அந்த வேளை பார்த்து ஒன்றை நீட்டுவார்.

ஆகையால் விட்டவர் முதல் வாரத்திலேயே தேநீர், கோப்பி இரண்டையும் பாதியாகக் குறைத்துவிடுவது நல்லது. விரத நாளிலே ஒன்றுடன் நிறுத்தி, மற்ற வேளைகளில் வெந்நீரோ தேசிக்காய்த் தண்ணீரோ குடிக்கலாம். அதற்காகத் தேநீரை ஒரேயடியாக நிறுத்தவுங் கூடாது. நிறுத்தினால் ஒரு நாளைக்குள் தலையிடி வரும். அந்தத் தலையிடியையும் புகையின் கணக்கிலேயே எழுதுவார். நீரிழிவுக்கு மருந்தெடுப்பவர் விரதம் பிடிப்பதாயின் முன்னரே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே கொடியேறும். இருபத்தைந்து நாள் திருவிழா. நல்லூர் விட்டவருக்குத் துணை செய்யும் இடம். ஆண்கள் மேலாடையைக் களைந்து வேட்டியுடன் உள்ளே செல்வது அங்குள்ள ஒழுங்கு. சட்டைப்பை இல்லாத உடம்பிலே சிகரெட்டுக்கும் இடமில்லை. கோயிலின் உள்ளும் வீதியிலும் புகைக்க எவருக்கும் மனம் வராது. இடர்ப்பாடு தேரன்றுதான். காலையில் வடம் பிடித்து, வெயிலில் வெறுங்காலுடன் வீதி சுற்றி, தேர் இருப்புக்கு வந்த பின்னர் நண்பர்கள் கூட்டமாகத் தேநீர்க்கடைப் பக்கம் ஒதுங்குவார்கள். காரியம் முடிந்த அந்தக் கணம் வந்துவிட்டது. அவர்களோடு போகாமல் தண்ணீர்ப் பந்தலிலே மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு நிற்பது பத்து நிமிட வேலை. புகைக்கும் வேட்கை என்பது ஒருமுறை எழுந்தால் மணிக்கணக்காக நிற்பதன்று. பெரும்பாலும் சில நிமிடங்களில் ஏறி இறங்கிவிடும் ஓர் அலை. அந்தச் சில நிமிடங்களை எங்கே நின்று கழிப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. நண்பர்கள் பிடித்து முடித்தபின் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். நட்புக்கு ஒரு குறையும் வராது.

கலியாண வீடு வேறு. அது ஒரு நாட் காரியமன்று. பொன்னுருக்கல், பலகாரச் சூடு, முதல் நாளிரவுக் கறிக்கு வெட்டுதல், முகூர்த்தம், நாலாஞ் சடங்கு என்று ஒரு கிழமைக்கு மேல் நீளும். நம்முடைய எழுதுவினைஞருக்கு ஆவணி மூன்றாம் வாரத்திலே தங்கை முறையான ஒருத்தியின் கலியாணம். பெண் வீட்டார், எனவே விருந்தாளியாக வந்து போக முடியாது. ஒவ்வொரு நாளும் அங்கே நிற்க வேண்டும்.

சிகரெட்டை நீட்டுபவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். முதலாவது, வயதில் மூத்தவர். குஞ்சியப்பு சுருட்டுப் பற்றவைக்கும்போது தன் பக்கத்திலிருப்பவனுக்கும் ஒன்றை எடுத்துக் கொடுப்பது, "நீயும் பெரியவனாகிவிட்டாய்" என்று ஏற்றுக்கொள்வதற்கு ஒப்பானது. அவரிடம் மறுப்புச் சொல்வது கடினம் என்று பலரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் அவரிடமே மிக எளிது. தட்டமாயின் அதை இரு கைகளாலும் தொட்டுக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினால் மரியாதை நிறைவேறிவிடும். கையில் நீட்டினால், "நான் விட்டிட்டன் குஞ்சியப்பு" என்று ஒரு சொல் போதும். பெரியவர் பெரும்பாலும், "அது நல்ல வேலை" என்று சொல்லித் தமது சுருட்டை இழுப்பார்.

கடினமானவர் ஒத்த வயதுள்ள மச்சான். அவர் நீட்டுவது மரியாதையன்று, கூட்டு. தாம் பிடிக்கும்போது பக்கத்திலிருப்பவர் பிடிக்காதது அவருக்கு ஒரு குற்றச்சாட்டுப் போலப் படுகிறது. எனவே அவர் ஒருமுறை கேட்டு நிறுத்தமாட்டார்.

"மச்சான், ஒண்டு பிடியன்."

"இப்ப வேண்டாம்."

இந்த விடைதான் பிழை. "இப்ப வேண்டாம்" என்றால் பிறகு வேண்டும் என்று பொருள். அரை மணித்தியாலத்தில் அவர் மீண்டும் நீட்டுவார். "தடிமன்", "தொண்டை நோ" என்ற சாட்டுகளும் அப்படியே. தடிமன் எப்போது மாறும் என்று அவர் காத்திருப்பார். இதைவிட மோசமானது, மறுக்கக் கூச்சப்பட்டு வாங்கி, "பிறகு பிடிக்கிறன்" என்று சட்டைப்பையில் வைப்பது. இரவு பதினொரு மணிக்குத் தனியே வீடு திரும்பும்போது அந்தப் பையிலே இருப்பது நண்பர் கொடுத்த பொருளன்று. தனக்குத் தானே நீட்டும் கை.

"நான் விட்டிட்டன் மச்சான்" என்பதே போதிய விடை. காரணங் கூறத் தொடங்கினாற் காரணத்தைப் பற்றி வாதம் எழும். புகைத்தலின் தீமையை எடுத்துரைத்தால், நண்பர் தம்மைப் பழிக்கிறார் என்று எதிர்த்து நிற்பார். ஆகவே விடையைக் குறுக்கி, உடனே வேறொரு பொருளுக்குப் பேச்சைத் திருப்பிவிட வேண்டும். "விட்டிட்டன். அதை விடு, வாழைமரம் எப்ப வருகுது?" இவ்வளவே. மூன்று முறை இதே சொற்களால் இதே விடையைப் பெற்றவர் நாலாம் முறை கேட்பது அரிது.

இன்னொரு காவலும் நம்முடைய வழக்கத்திலேயே இருக்கிறது. தகப்பனார் முன்னிலையிலோ படிப்பித்த ஆசிரியர் முன்னிலையிலோ இளையவர் புகைப்பதில்லை. கையிலிருந்தாலும் முதுகுக்குப் பின் மறைத்துவிடுவார். புகைக்காத பெரியவர் ஒருவரின் பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரிடம் சிகரெட்டோடு எவரும் வரமாட்டார். உணவு முடிந்த அந்தப் பொல்லாத கால்மணி நேரத்துக்கு இதைவிடச் சிறந்த இடம் மண்டபத்தில் இல்லை. மண்டபத்தின் உள்ளே இலங்கையின் சட்டமும் துணை நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் பொதுமக்கள் கூடும் மூடிய இடங்களிற் புகைத்தலைத் தடுக்கிறது. அதனால் புகைப்பவர்கள் மண்டபத்தின் பின்வாசலுக்கும் வாகனங்கள் நிற்கும் இடத்துக்கும் ஒதுங்கியிருக்கிறார்கள். விட்டவர் செய்ய வேண்டியது பின்வாசலுக்குப் போகாதிருப்பது. வீட்டுப் பந்தலுக்கு இந்தச் சட்டம் எட்டுவதில்லை என்பதை மறக்கக் கூடாது.

சிலர் சிகரெட்டுக்குப் பதிலாக வெற்றிலை போட்டுச் சமாளிக்கிறார்கள். புகையிலை சேர்த்துப் போட்டால் அது பதிலன்று. அதே நிக்கோட்டின் வேறு வழியால் வருகிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலையும் பாக்கும் கூட வாய்ப்புற்றுநோயை உண்டாக்குவன என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே தீர்ப்புக் கூறியிருக்கிறது. தட்டத்திலே கராம்பும் ஏலமும் இருக்கின்றன. வாய்க்கு ஏதாவது வேண்டுமாயின் ஒரு கராம்பு போதும்.

இப்போது முதல் நாளிரவு. பந்தலிலே பாய் விரித்து ஒரு கூட்டம் பூசணிக்காயும் கத்தரிக்காயும் வெட்டுகிறது. மறுபக்கத்தில் முந்நூற்றுநாலு விளையாட ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலிப் பக்கத்திலே எங்கோ ஒரு போத்தலும் திறந்திருக்கிறது. நம்முடைய எழுதுவினைஞர் கைக்குத் தொழில் வேண்டுமென்று முதலிற் கத்தியோடு உட்கார்ந்தவர், ஒரு மணியளவில் வெட்டு முடிந்ததும் எழுந்து சீட்டாட்டத்தில் அமர்ந்தார். காரியம் முடிந்தது, மனம் தளர்ந்தது, மச்சான் ஊற்றிய சாராயத்திலே ஒரு மிடறும் குடித்தார். மது அருந்தியவரின் "வேண்டாம்" பாதி வலுவை இழந்துவிடும். அதனாலேதான் விட்ட முதற் சில மாதங்களிலே மதுவிருக்கும் இடத்துக்குப் போகாதிருக்குமாறு வைத்தியர்கள் சொல்கிறார்கள். நல்ல சீட்டு விழுந்த ஒரு கணத்திலே பக்கத்தவர் நீட்டியதை அவர் கை தானே வாங்கிற்று. ஐம்பதாம் நாளிரவு, ஒரு சிகரெட்.

இனி நடக்கப்போவதை அந்தச் சிகரெட் தீர்மானிப்பதில்லை. அதைப் பற்றி அவர் எண்ணுவதே தீர்மானிக்கும். அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லற் என்பவர் ஜூடித் கோர்டனுடன் சேர்ந்து 1985ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே இதை விரித்துக் கூறியிருக்கிறார். முற்றாக விலக்குவேன் என்று உறுதி பூண்டவர் ஒருமுறை வழுவினால், "எல்லாம் போயிற்று, நான் இதற்கு உரியவனல்லன்" என்ற எண்ணம் எழுகிறது. அந்த எண்ணமே இரண்டாவதையும் மூன்றாவதையும் வாங்குவிக்கிறது. நம்மவருக்கு இது இன்னும் எளிதிற் பொருந்தும். விரதம் முறிந்துவிட்டது என்ற சொல் நாவிலேயே இருக்கிறதல்லவா? "முறிஞ்சது முறிஞ்சுதான்; கலியாணம் முடியுமட்டும் பிடிப்பம், பிறகு விடுவம்" என்று பலர் சொல்வார்கள். நாலாஞ் சடங்கு முடிவதற்குள் நாளுக்குப் பத்து என்ற பழைய கணக்கு வந்து நிற்கும். வழுவியவர்களிற் பெரும்பான்மையோர் திரும்பவும் பழைய புகைப்பவர்களாகிவிடுகிறார்கள் என்பது எங்கும் கண்ட உண்மை. ஆகவே ஒன்றுதானே என்று முன்னரே எண்ணுவது பேதைமை. பிடித்துவிட்ட பின்னரோ, ஒன்றுதான் என்று எண்ணுவதே அறிவு. முன்னுக்கு ஒரு கணக்கு, பின்னுக்கு ஒரு கணக்கு. விரதத்திலே இந்த இரட்டைக் கணக்கு செல்லாது, இங்கே செல்லும். ஐம்பது நாளிலே உடல் அடைந்த மாற்றம் ஒரு சிகரெட்டால் முற்றும் அழிந்துவிடுவதில்லை.

அவர் பாதியிலே அணைத்தார். சீட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வாய் கொப்பளித்தார். வாயின் சுவையும் விரலின் மணமும் இருக்கும்வரை அடுத்ததைக் கேட்கும். பின்னர் வீட்டுக்குப் போய் மனைவியிடம், "ஒண்டு பிடிச்சிட்டன்" என்று சொன்னார். மறைத்து வைத்த ஒன்று இரண்டாகும். மறுநாள் முகூர்த்தத்தன்று முந்திய இரவு பிழைத்த இடம் எது என்று பார்த்தார். சிகரெட்டை வாங்கியது அன்று. வெட்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் சீட்டாட்டத்தில் அமர்ந்ததே. ஆகவே நாலாஞ் சடங்கன்று பந்தி முடிந்ததும் உறவுக்காரக் கிழவியொருத்தியை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீட்டிலே விடும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஒரு வேலை, சாப்பாட்டுக்குப் பின்வரும் ஒரு மணித்தியாலத்தைக் கடத்திவிட்டது. தனியே சமாளிக்க முடியாதவர்கள் வைத்தியசாலையிலே கேட்டால் நிக்கோட்டின் ஒட்டு, மெல்லும் பசை முதலியன பற்றிச் சொல்வார்கள். தேசிய அதிகாரசபையின் 1948 என்னும் இலக்கத்திலே தொலைபேசியில் ஆலோசனை கேட்கவும் வழியுண்டு.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் கந்தசஷ்டி தொடங்கிற்று. இவர் விட்டு ஏறக்குறைய நூறு நாளாயிற்று. ஆறு நாளும் பாலும் பழமும் உண்டு விரதங் காத்தார். மிளகும் நீருமாக இருப்பவர்களும் ஊரில் உண்டு. ஆறாம் நாள் சூரன் போர், ஏழாம் நாட் காலை பாரணை. இந்த ஆறு நாளும் புகை அவரை ஒன்றுஞ் செய்யவில்லை. விரத காலத்திலே எதையும் விலக்குவது எளிது. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் விலக்குகிறார்கள், நீட்டுபவர் எவருமில்லை. சோனகதெருவிலே நோன்பு பிடிக்கும் முஸ்லிம் அன்பர்களைக் கேட்டால் இது தெளிவாக விளங்கும். பகலிலே புகைத்தால் நோன்பு முறியும் என்பதால், புகைப்பவரும் ஏறக்குறைய பதின்மூன்று மணித்தியாலம் புகையின்றி இருந்துவிடுகிறார். கடுமையாகப் புகைப்பவருக்கும் அது இயல்கிறது. ஆனால் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தபின் முதலிற் பற்றவைக்கும் சிகரெட்டுக்கு மற்ற எல்லாவற்றையும் விடச் சுவை மிகுதி. நெடுநேரம் நிக்கோட்டின் காணாத மூளை அதை முன்னிலும் கூர்மையாக உணர்கிறது. காலையிலே பிடிக்கும் முதற் சிகரெட் இனிப்பதும் இதனாலேயே. நோன்பு நாட்களைப் பயன்படுத்தி அறவே விட்டவர்களும் உண்டு. அவர்கள் பகலிலே வென்றவர்கள் அல்லர். நோன்பு திறந்தபின் வரும் அந்த முதல் அரை மணித்தியாலத்திலே வென்றவர்கள்.

பாரணைக் காலையும் அவ்வாறே. கோயிலிலே ஆறு நாள் ஒன்றாக இருந்த அன்பர்கள் சோறு உண்டு முகமலர்ந்து தேர்முட்டியடியில் நிற்கிறார்கள். "ஆறு நாள் பிடிச்சாச்சு, இனி என்ன" என்று ஒருவர் பெட்டியைத் திறந்தார். எழுதுவினைஞருக்கும் ஒரு கணம் அப்படியே தோன்றிற்று. ஆறு நாளின் தவத்துக்கு ஒரு பரிசு வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் பாரணைக்கு முன்னரே ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கந்தசஷ்டியைச் சூரன் போர் வரை என்று எண்ணியிருந்தார். புகையை விட்டதை அதனோடு சேர்த்து எண்ணவேயில்லை. நாட்காட்டியிலே விரதத்தின் ஆறு நாளுக்கு ஒரு கோடு. ஆடி முதலாந் திகதியிலிருந்து ஓடும் கோடு வேறு. பாரணையன்று முதற் கோடு நின்றது; மற்றது நிற்கவில்லை. "விட்டிட்டன்" என்று சொல்லிவிட்டு, காய்கறி வாங்கவேண்டுமென்று சந்தைப் பக்கம் நடந்தார்.

தை மாதத்தில் அந்த மச்சானின் மகளுக்குக் கலியாணம். பலகாரச் சூட்டன்று பயற்றம்பணியாரம் வேகும் அடுப்பருகில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மச்சான் பெட்டியைத் திறந்து இடப்பக்கத்தவருக்கு ஒன்று நீட்டினார். எழுதுவினைஞரைத் தாண்டிக் கையை வளைத்து வலப்பக்கத்தவருக்கு ஒன்று நீட்டினார். பிறகு அவரிடம் திரும்பி, வாழைமரத்துக்கு யாரைப் பிடிக்கலாம் என்று கேட்டார்.